13 வழக்குகள், 180 நிமிடங்கள்: ஒரு சிறு தீர்ப்பாயத்தின் தினப் பட்டியல் எப்படிக் கட்டப்படுகிறது

ஒரே ஒரு உறுப்பினர், ஒரே ஒரு அறை. காலை 10:30 முதல் 1:30 வரை ஓர் அமர்வு, மதியம் 2:30 முதல் 4:30 வரை இன்னொன்று. மொத்தம் 300 நிமிடம். இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் தீர்ப்பாயம் இவ்வளவுதான். கீழே வரும் நிமிடக் கணக்குகள் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. எந்தக் குறிப்பிட்ட தீர்ப்பாயத்தின் பதிவிலிருந்தும் எடுத்தவை அல்ல. உங்கள் பதிவேட்டில் எண்கள் மாறும், கணக்குப் போடும் வழி மாறாது.

இங்கே பட்டியல் போடும் பழைய வழக்கம் இப்படி: ஒரு வழக்குக்குச் சராசரி 20 நிமிடம் ஆகிறது, 300-ஐ 20-ஆல் வகுத்தால் 15, ஆகவே தினம் 15 வழக்கு. எல்லாருக்கும் காலை 10:30-க்கு வரச்சொல்லி அறிவிப்பு. சில நாள் ஒரு மணிக்கே அறை காலியாகிவிடும். சில நாள் நாலரை மணிக்கு நான்கு வழக்கு அழைக்கப்படாமலே நிற்கும். வேலையை விட்டுவிட்டு வந்து ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் “அடுத்த தேதிக்கு வாங்க” என்று சொல்வது பதிவகத்தில் இருப்பவர்களுக்கு மிகக் கடினமான வேலை. அந்த மனிதர் இழந்த நாளை எந்த உத்தரவாலும் திருப்பித் தர முடியாது. இந்தப் பட்டியலைச் சரிசெய்வதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் அதுதான்.

20 நிமிடம் என்ற எண் ஏன் உதவாது

வழக்குகளை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தாலே கதை வெளிவந்துவிடும். வாய்தா வழக்குகள் (ஆவணம் தாக்கல், தேதி வாங்குவது, ஒரு வரி உத்தரவு), இடைக்கால மனுக்கள், சாட்சியின் குறுக்கு விசாரணை, இறுதி வாதம்.

நேரத்தை அளப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பெஞ்ச் கிளார்க் ஒவ்வொரு வழக்கையும் அழைக்கும் நேரத்தைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதினால் போதும். இந்த அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் உள்ள இடைவெளிதான் அந்த வழக்கு எடுத்த நேரம். வாதம் நடந்த நேரத்தை மட்டும் குறிப்பவர்கள் எப்போதும் குறைவாகவே கணக்கிடுவார்கள். கட்சிக்காரர் உள்ளே வருவது, கோப்பைத் தேடி எடுப்பது, சாட்சி உறுதிமொழி எடுப்பது, உறுப்பினர் உத்தரவைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது எல்லாம் அந்த அறையின் நேரத்தில்தான் நடக்கின்றன.

இப்படிச் சேர்த்த பதிவிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் இரண்டு எண் எடுக்கிறோம். ஒன்று சராசரி. இன்னொன்று, பத்து வழக்கில் ஒன்பது எந்த நேரத்துக்குள் முடிந்தன என்ற எல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வகையின் ‘நீட்சி’ என்று அழைப்போம்.

| வகை | சராசரி | பத்தில் ஒன்பது இதற்குள் | நீட்சி |
|---|---|---|---|
| வாய்தா | 6 | 10 | 4 |
| இடைக்கால மனு | 22 | 40 | 18 |
| குறுக்கு விசாரணை | 55 | 95 | 40 |
| இறுதி வாதம் | 50 | 80 | 30 |

இப்போது பழைய பட்டியலைப் பாருங்கள். 11 வாய்தாவும் 4 மனுவும் இருந்தால் அது 15 வழக்கு, சுமார் 154 நிமிடம். இரண்டு குறுக்கு விசாரணை, இரண்டு இறுதி வாதம், ஐந்து மனு, ஆறு வாய்தா என்றாலும் 15 வழக்குதான், ஆனால் 356 நிமிடம். ஒரு மணிக்குக் காலியாகும் நாளும் நாலரைக்கு நிரம்பி வழியும் நாளும் இப்படித்தான் பிறக்கின்றன. எண்ணிக்கையை வைத்துப் பட்டியல் போடும்வரை இது ஓயாது.

சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மனு பெரும்பாலும் 18 நிமிடத்தில் முடிகிறதே, ஏன் 22 என்று போட வேண்டும் என்று கேட்பார்கள். எப்போதாவது வரும் 60 நிமிட மனுதான் சராசரியை மேலே இழுக்கிறது. பல வழக்குகளைக் கூட்டும்போது அந்த 60-ம் கூட்டலில் வந்தாக வேண்டும். ‘வழக்கமாக ஆகும் நேரத்தை’ கூட்டினால் அது விடுபட்டுப்போகும், பட்டியல் தினமும் கொஞ்சம் பின்தங்கும். கூட்டலுக்குச் சராசரிதான் சரி.

காலை அமர்வு

நேரம் மீறுவதைத் தாங்க இடம் விட வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். எங்கே விடுவது என்பதில்தான் வேறுபாடு. முதலில் தோன்றுவது ஒவ்வொரு வழக்குக்கும் அதனதன் நீட்சியைச் சேர்த்துக் கொடுப்பது: வாய்தாவுக்கு 10, மனுவுக்கு 40. 9 வாய்தாவும் 4 மனுவும் போட்டால் 90-ம் 160-ம் சேர்ந்து 250 நிமிடம். 180 நிமிடக் காலைக்குள் அடங்காது. இப்படிப் போடும் பதிவகம் பாதுகாப்பாகத்தான் இருக்கும், ஆனால் பாதிக் காலை சும்மா கிடக்கும். நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

ஒரே காலையில் நான்கு மனுவும் சேர்ந்து நீளுவது அபூர்வம். ஒன்று 40 போகும்போது இன்னொன்று 12-இல் முடியும். ஆகவே கையிருப்பு நேரத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்காமல் அமர்வின் கடைசியில் ஒரே தொகையாக வைத்தால், தேவைப்பட்ட வழக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தத் தொகை எவ்வளவு? ஒவ்வொரு வழக்கின் நீட்சியையும் வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

9 வாய்தா: 9 × 16 = 144. 4 மனு: 4 × 324 = 1296. கூட்டினால் 1440. வர்க்கமூலம் ஏறத்தாழ 38. சராசரிகளின் கூட்டல் 54 + 88 = 142. மொத்தம் 142 + 38 = 180. 13 வழக்கு, காலை நிறைந்தது, பத்துக் காலையில் சுமார் ஒன்பது 1:30-க்குள் முடியும்.

விரிதாளில் இதற்கு ஒரே வரி போதும். C நெடுவரிசையில் சராசரி, D-யில் நீட்சி, 13 வழக்கும் 2 முதல் 14 வரையுள்ள வரிசைகளில் என்றால்:

```
=SUM(C2:C14)+SQRT(SUMSQ(D2:D14))
```

விடை 180-ஐத் தாண்டாதவரை ஒவ்வொரு வழக்காகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் உறுப்பினர் கேட்கும் கேள்வி தெரிந்ததே: “12:52-க்கு எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்கு சொல்கிறதே, கடைசி 38 நிமிடத்தில் இன்னொரு மனு போடலாமே?” போடலாம். அப்போது சராசரிக் கூட்டல் 164 ஆகும், தேவையான கையிருப்பு 42, ஆனால் இருப்பது 16. பத்துக்கு ஒன்பது என்றிருந்த காலை பத்துக்கு ஏழாகக் குறையும். அதாவது மூன்று காலையில் ஒன்று 1:30-ஐத் தாண்டும். இரண்டு மனு சேர்த்தால் சராசரியே 186, பாதிக்கு மேற்பட்ட காலைகள் மீறும். பதிவகம் “இடமில்லை” என்று வெறுமனே சொல்வதைவிட இந்த எண்களைக் காட்டுவது நல்லது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பச் சம்மதம் என்பது உறுப்பினர் எடுக்க வேண்டிய முடிவு. அதை அவர் தெரிந்தே எடுக்கட்டும்.

யாரை எப்போது வரச்சொல்வது

வரிசையில் சிறியதும் அதிகம் நீளாததும் முன்னால் வர வேண்டும். ஒரு மனு முதலில் போய் 18 நிமிடம் நீண்டால் பின்னால் இருக்கும் 12 வழக்கும் 18 நிமிடம் காத்திருக்கும். அதே மனு கடைசியில் நீண்டால் யாரும் காத்திருக்கப்போவதில்லை. உடனடித் தடை கேட்கும் அவசர மனு மட்டும் இதற்கு விலக்கு. அதன் அவசரம் வரிசைக்கு மேற்பட்டது.

எல்லாரையும் 10:30-க்கு அழைக்காமல் தொகுதியாக அழைக்கலாம். முதல் ஐந்து வாய்தா 10:30, அடுத்த நான்கு 11:00. மனுவில் முதல் இரண்டு 11:15, மற்ற இரண்டு 12:00. கணக்குப்படி முதல் மனு 11:24-க்குத் தொடங்கும், ஆனாலும் 11:15 என்று சொல்வது வேண்டுமென்றேதான். வாய்தாக்கள் சீக்கிரம் முடிந்தால் அறை ஆளில்லாமல் நிற்கக் கூடாது. 1952-இல் பெய்லியும் வெல்ச்சும் மருத்துவமனை வெளிநோயாளிகளுக்கான நேர ஒதுக்கீட்டை ஆராய்ந்தபோது, தொடக்கத்தில் இரண்டு பேரை வரச்சொல்லி, பிறகு சராசரி இடைவெளியில் ஒவ்வொருவராக அழைக்கலாம் என்றார்கள். ஒருவர் கையில் இருந்தால் மருத்துவர் சும்மா இருக்க நேராது, மற்றவர்கள் காத்திருப்பதும் எல்லை மீறாது. தொகுதி அழைப்பும் அதே யோசனைதான்.

மதியம்: இங்கே கணக்கு கடுமையாகிறது

காலைப் பட்டியல் அழகாக அமைந்ததற்குக் காரணம் அதில் நிறைய சிறிய வழக்குகள் இருந்தன. மதியத்தில் ஒரு குறுக்கு விசாரணையையும் ஓர் இறுதி வாதத்தையும் போட்டுப் பாருங்கள். சராசரி 55 + 50 = 105, இருப்பது 120 நிமிடம். போதும் போலத்தான் தெரிகிறது. கையிருப்பைக் கணக்கிடுங்கள்: 40-இன் வர்க்கம் 1600, 30-இன் வர்க்கம் 900, கூட்டல் 2500, வர்க்கமூலம் 50. மொத்தம் 155. மதியம் தாங்காது. பெரிய வழக்குகள் இரண்டே இருக்கும்போது ஒன்றின் நீட்சியை மற்றதன் சுருக்கம் ஈடுகட்டும் என்று நம்ப முடியாது.

ஆகவே குறுக்கு விசாரணை மதியம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது: 55 + 40 = 95. மீதியில் நான்கு வாய்தா வரை சேர்க்கலாம் என்று கணக்கு சொல்லும், மொத்தம் 120 வரும். நான் சேர்க்க மாட்டேன். அதற்குப் பதில், ஆட்கள் நேரில் வரத் தேவையில்லாத வேலைகளைக் கையில் வைத்திருப்பது மேல். எழுத்து மூலம் மட்டும் வாதம் வைத்த மனுக்கள், ஒதுக்கி வைத்த உத்தரவுகளை எழுதுவது, செலவுத்தொகைக் கணக்குகள். சாட்சி 3:25-க்கு முடித்துவிட்டால் உறுப்பினர் இவற்றை எடுப்பார். 4:05 வரை போனால் எடுக்க மாட்டார், அதனால் யாருடைய நாளும் கெடாது. எப்போது வேண்டுமானாலும் தொடங்கி எங்கே வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய வேலைதான் கையிருப்பு நேரத்தை நிரப்பத் தகுந்தது.

இறுதி வாதத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு தரப்புக்கும் நேரம் வரையறுத்து, எழுத்து வாதச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டால், சராசரி 50 அப்படியே இருந்தாலும் நீட்சி குறையும். 30 என்றிருந்தது 12 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? இரண்டு இறுதி வாதம்: 100 நிமிடம், கையிருப்பு 17, மொத்தம் 117. முன்பு ஒரே ஒரு இறுதி வாதத்தை வைத்துக்கொண்டு திணறிய மதியத்தில் இப்போது இரண்டு அடங்குகின்றன. யாருடைய வாதமும் சராசரியில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்பதில் இருந்த நிச்சயமின்மைதான் குறைந்தது. ஆகவே குறுக்கு விசாரணை மதியம், இறுதி வாத மதியம் என்று நாட்களைப் பிரித்துவிட்டோம்.

வராத சாட்சியை என்ன செய்வது? பத்துக் குறுக்கு விசாரணையில் மூன்று நடப்பதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 55 என்பது 39 ஆகிவிடும். அந்த 39 நிமிடம் எந்த நாளிலும் நடக்காது. நடந்தால் 55-ஐச் சுற்றி, நடக்காவிட்டால் மதியமே காலி. பெரிய வழக்குகளில் வராமல் போவதை நேரக் கணக்கில் கரைக்கக் கூடாது, அதைத் தனியாகக் கையாள வேண்டும். இரண்டு வேலை நாளுக்கு முன் பதிவகம் வக்கீலைக் கேட்டு உறுதி வாங்குகிறது. உறுதி கிடைக்காவிட்டால், முன்னரே சம்மதம் தெரிவித்து மாற்றாகக் காத்திருக்கும் இன்னொரு வழக்குக்குத் தகவல் போகிறது. வாய்தா வழக்குகளுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். அவை ஒன்பது இருக்கும்போது ஒருவர் வராதது சராசரிக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஒரு நாள் நடந்தபோது

இந்தப் பட்டியலில் ஒரு நாளை ஓட்டிப் பார்ப்போம். முதல் ஐந்து வாய்தா 5, 4, 9, 6, 3 நிமிடம். மணி 10:57. அடுத்த தொகுதியில் ஒருவர் ஏற்கெனவே வந்திருந்தார், அவரை அழைத்துவிட்டார்கள். அவரையும் சேர்த்து அந்தத் தொகுதியின் நான்கும் 7, 5, 12, 6. மணி 11:27, கணக்கைவிட மூன்று நிமிடம் பின்னால். முதல் மனு 18 நிமிடம், 11:45. இரண்டாவது மனுவில் ஒரு ஆவணத்தின் பிரதி எதிர்மனுதாரருக்குக் கிடைக்கவில்லை என்று கிளம்பி 46 நிமிடம் போயிற்று. மணி 12:31. கணக்குப்படி மூன்றாவது மனு 12:08-க்குத் தொடங்கியிருக்க வேண்டும், 23 நிமிடம் தாமதம்.

இந்த இடத்தில் கிளார்க் என்ன செய்ய வேண்டும் என்பது அன்றைக்கு யோசிக்க வேண்டிய விஷயமாக இருக்கக் கூடாது. முன்பே எழுதி வைத்த விதி இது: மீதியிருக்கும் வழக்குகளின் சராசரியே மீதி நேரத்தில் அடங்காவிட்டால், கடைசி வழக்கை அந்த நிமிடமே அனுப்பிவிட வேண்டும். சராசரி அடங்குகிறது, ஆனால் கையிருப்போடு சேர்த்தால் அடங்கவில்லை என்றால், கடைசி வழக்குக்காரர்களிடம் நிலைமையைச் சொல்ல வேண்டும். இங்கே மீதி இரண்டு மனு, சராசரி 44. கையிருப்புக்கு 18-இன் வர்க்கம் இருமுறை, 648, வர்க்கமூலம் 25. இரண்டும் சேர்ந்து 69. இருக்கும் நேரம் 59. ஆகவே எச்சரிக்கை: “உங்களுடையது அநேகமாக ஒன்றரைக்குள் முடிந்துவிடும், ஆனால் உறுதியில்லை.” மூன்றாவது 15, நான்காவது 24. 1:10-க்கு முடிந்தது. 38 நிமிடக் கையிருப்பில் 18 செலவாயிற்று. மதியம் சாட்சி 88 நிமிடம் எடுத்தார், 3:58. அப்புறம் உறுப்பினர் ஒதுக்கி வைத்திருந்த ஓர் உத்தரவை எழுதினார்.

கணக்கு எங்கே பொய்க்கும்

வர்க்கமூலக் கணக்கு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு வழக்கு நீளுவதற்கும் அடுத்தது நீளுவதற்கும் தொடர்பில்லை. நான்கு மனுவும் ஒரே வக்கீலுடையது, அவர் நிறுத்தி நிதானமாக வாதிடுபவர் என்றால் அனுமானம் உடைந்துவிடும். நான்கும் சேர்ந்தே நீளும். அப்போது நீட்சியை நேராகக் கூட்ட வேண்டும்: மனுக்களுக்கு மட்டும் 36 என்றிருந்த கையிருப்பு 72 ஆகிவிடும். ஒரே சட்டப் பிரச்சினை எழும் மனுக்களும் இப்படித்தான், ஒரே மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கும் வழக்குகளும் இப்படித்தான். பட்டியல் போட்டதும் வக்கீல் பெயர் நெடுவரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தால் போதும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வேறு நாளுக்குப் பிரித்துப் போடலாம்.

தாமதமாகத் தொடங்குவது வேறு விஷயம். அமர்வு 10:30 என்று எழுதியிருந்தும் வழக்கமாக 10:42-க்குத்தான் தொடங்குகிறது என்றால் அந்த 12 நிமிடத்தைக் கையிருப்பிலிருந்து எடுக்கக் கூடாது. தினமும் நடப்பதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. காலை 168 நிமிடம் என்று ஒப்புக்கொண்டு இரண்டு வாய்தாவைக் குறைக்க வேண்டும்: 130 + 38 = 168.

பதிவு குறைவாக இருக்கும்போது ‘பத்தில் ஒன்பது’ எல்லை ஆடும். ஒரு வகையில் பத்து வழக்குதான் அளந்திருக்கிறீர்கள் என்றால், அந்த எல்லை ஒன்றிரண்டு பெரிய வழக்கைப் பொறுத்தே இருக்கும், ஒரு புதிய வழக்கு வந்ததும் மாறிவிடும். முப்பது வரை சேரும்வரை எண்ணைக் கொஞ்சம் மேலாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கு சரியா என்று பட்டியலே சொல்லும். 20 காலையில் இரண்டு 1:30-ஐத் தாண்டினால் அது எதிர்பார்த்ததுதான், எதையும் மாற்ற வேண்டாம். ஆறு தாண்டினால் ஏதோ ஓர் எண் தவறு. அழைப்பு நேரங்களைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்: முதல் அழைப்பே பின்தங்கினால் தொடக்க நேரம், வாய்தா முடியும்போதே பின்தங்கினால் வாய்தாவின் சராசரி, மனுக்களில் மட்டும் என்றால் மனுவின் நீட்சி. 20-இல் ஒன்றுகூடத் தாண்டவில்லை, பெரும்பாலும் 12:45-க்கே முடிகிறது என்றால் சராசரியை அதிகமாக வைத்திருக்கிறோம், இடம் வீணாகிறது.

தாண்டிய நாளில் அழைக்கப்படாமல் போன மனு அடுத்த பட்டியலில் மனுக்களின் தலையில், 11:15 என்ற நேரத்தோடு போகிறது. அதற்கான 22 நிமிடமும் 18 நீட்சியும் அன்றைய கணக்கில் முதலில் ஏறும், அதன் பிறகுதான் புதிய வழக்குகளுக்கு இடம். அதைக் கணக்கில் ஏற்றாமல் “இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்” என்று பட்டியலின் அடியில் எழுதினால், அதே மனுதாரர் இரண்டாவது முறையும் திரும்பிப் போவார்.